பிசி அசெம்பிள் பண்ணியாச்சு, சூடு எங்கே மாட்டியிருக்கு?

போன எபிசோட்ல பார்ட்ஸ் வாங்கறதைப் பத்திப் பேசினோம். இந்த எபிசோட் அதுக்கு அடுத்த நாள் ராத்திரியைப் பத்தினது. பிசி அசெம்பிள் பண்ணியாச்சு, விண்டோஸ் போட்டாச்சு, லைட் எல்லாம் எரியுது. இது உண்மையிலேயே ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதை என் சித்தி பையனோட மெஷினை வெச்சே சொல்றேன். அவன் மதுரையில கல்யாண வீடியோ எடிட் பண்றான். பழைய லேப்டாப்போட மல்லுக்கட்டி, மூணு ஆர்டரோட அட்வான்ஸைச் சேர்த்து வெச்சு ஒரு பிசி அசெம்பிள் பண்ணினான். ரைசன் 5 7600 ப்ராசசர், ஒத்தை ஃபேன் வெச்ச டவர் கூலர், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு. நாலாவது நாள் எனக்கு போன் பண்ணினான். "அண்ணா, ப்ராசசர் டிஃபெக்ட்டு போல. எக்ஸ்போர்ட் போட்டா ஃபேன் கத்துது, ஆனா வேகமே இல்லை. கடையில திருப்பிக் குடுக்கப் போறேன்"னு சொன்னான். மே மாசம். அடுத்த வாரம் டெலிவரி பண்ண வேண்டிய ரெண்டு கல்யாணம் கையில இருந்தது. கடைக்காரர் எடுத்துக்கிட்டாலும் மாத்திக் குடுக்கறதுக்குள்ள அந்த டெலிவரி ரெண்டும் போயிடும். "ரெண்டு நாள் பொறு, சனிக்கிழமை வரேன், எதையும் கழட்டாதே"ன்னு சொல்லி வெச்சேன்.

நான் போனதும் முதல்ல செஞ்ச வேலை கம்ப்யூட்டரைத் தொட்டது இல்லை. ரூம்ல எவ்வளவு சூடுன்னு பார்த்தது. டேபிள் பக்கத்துல ஒரு சின்ன தெர்மாமீட்டர் வெச்சேன். 33 டிகிரி காட்டியது. இது ஏன் முக்கியம்னா, யூட்யூப்ல நாம பார்க்கிற ரிவ்யூ பெரும்பாலும் 21, 22 டிகிரி இருக்கிற அறையில எடுத்தது. கூலரால ரூம் காற்றைவிடக் குளிர்ச்சியா எதையும் ஆக்க முடியாது. ரூம் 11 டிகிரி கூடினா ப்ராசசரும் கிட்டத்தட்ட 11 டிகிரி கூடும். அதனால "அவங்களுக்கு 68 வருது, எனக்கு 79 வருது, கூலர் ஏமாத்திட்டான்"னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ரூம் சூட்டைக் கழிச்சுப் பாருங்க. இந்த எபிசோட் முழுக்க அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கப் போறோம்.

அடுத்தது, அளக்கிற டூல். விண்டோஸ்ல நான் எப்பவும் HWiNFO64 தான் போடுவேன். இலவசம். திறக்கும்போதே `Sensors-only` டிக் பண்ணிட்டா மற்ற விவரங்கள் எல்லாம் வராம சென்சார் லிஸ்ட் மட்டும் வரும். அந்த லிஸ்ட் நீளமா இருக்கும், முதல் தடவை பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும். பயப்படாதீங்க, நமக்கு வேண்டியது நாலே வரி. ப்ராசசர் சூட்டுக்கு `CPU (Tctl/Tdie)`. அது எவ்வளவு வாட் குடிக்குதுன்னு தெரிய `CPU PPT` அல்லது `CPU Package Power`. அப்புறம் கோர் க்ளாக். கடைசியா, மதர்போர்டு பிரிவுக்குக் கீழே ஃபேன் வேகம். இன்டெல் ப்ராசசர்னா சூட்டு வரிக்கு `CPU Package`னு பேர் இருக்கும்.

இந்த லிஸ்ட்ல ஒரு பேயும் இருக்கும். சில போர்டுகள்ல `AUXTIN`னு ஒரு வரி 115, 120 டிகிரின்னு காட்டும். அதைப் பார்த்து ப்ளக்கைப் பிடுங்கினவங்க எனக்குத் தெரியும். பெரும்பாலும் அந்தக் காலில் எந்த சென்சாரும் மாட்டியே இருக்காது. சிப்பு காத்துல கிடக்கிற ஒரு கம்பியைப் படிச்சு ஒரு நம்பர் சொல்லுது, அவ்வளவுதான். அந்த நம்பர் லோடு போட்டாலும் எடுத்தாலும் அசையாம இருந்தா அது பொய். இன்னொன்று, மதர்போர்டு கம்பெனியோட சாஃப்ட்வேரையும் HWiNFO64-ஐயும் ஒரே நேரத்துல ஓட விடாதீங்க. ரெண்டும் ஒரே சென்சார் சிப்பைப் போய்க் கேள்வி கேட்டு, ஃபேன் வேகம் திடீர்னு பூஜ்யம்னு தப்பாக் காட்டும்.

சும்மா இருக்கும்போது அவன் மெஷின் 58, 60 டிகிரி காட்டிக்கிட்டு இருந்தது. கொஞ்சம் அதிகம்தான். ஆனா இதை வெச்சு நான் எதையும் முடிவு பண்ணலை. ரைசன் ப்ராசசர்கள் சும்மா இருக்கும்போது குதிக்கும். ஒரு ப்ரவுசர் டேப் திறந்தா ஒரே ஒரு கோர் முழு வேகத்துக்குப் போயிட்டு வரும், சூடு பத்து டிகிரி ஏறி இறங்கும். பயாஸ் ஸ்க்ரீன்ல பார்க்கிற சூடும் அப்படித்தான், அங்கே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வசதிகள் முழுசா வேலை செய்யாததால விண்டோஸைவிடக் கூடவே காட்டும். அதனாலதான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேவைப்படுது. லோடு நிலையா இருந்தாத்தான் நம்பரைப் படிக்க முடியும்.

நான் போட்டது Prime95. `Torture Test`ல `Small FFTs`. இதுல கணக்கு எல்லாம் ப்ராசசரோட கேஷுக்குள்ளேயே நடக்கும், ராமுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால கோர்கள் மூச்சு விடாம ஓடும். நிஜ வாழ்க்கையில எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் இவ்வளவு சூடாக்காது. இருபது நிமிஷம் போதும், ராத்திரி முழுக்க இதைப் போட்டு வறுக்க வேண்டாம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி HWiNFO64-ல கீழே இருக்கிற கடிகார பட்டனை அழுத்தி, பழைய அதிகபட்ச, குறைந்தபட்ச நம்பர்களை அழிச்சுக்கோங்க. சூட்டு வரியில டபுள் க்ளிக் பண்ணினா ஒரு கிராஃப் திறக்கும். அதைத் திறந்து வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் நிமிஷம் கண்ணை எடுக்காதீங்க. ஏன்னா முக்கியமான செய்தி அங்கேதான் வருது.

அவன் மெஷின்ல ஸ்டார்ட் அழுத்தினேன். மூணு செகண்ட். 95. அதோட நேர்கோடா நின்னுடுச்சு.

7600-க்கு 95 டிகிரிதான் ஏஎம்டி வெச்சிருக்கிற உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், எரிஞ்சு போகாது. அதனாலதான் அவன் மெஷின் ஆஃப் ஆகாம, வெறும் மெதுவா இருந்தது. "பார்த்தியாண்ணா, ப்ராசசர்தான்"னு அவன் ஆரம்பிச்சான். "இரு, மத்த மூணு வரியையும் பார்ப்போம்"னு சொன்னேன்.

ஃபேன் 1950 ஆர்பிஎம்ல சுத்திக்கிட்டு இருந்தது. அந்தக் கூலரோட முழு வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக ஃபேன் மேல தப்பு இல்லை. ஆனா வாட் வரியில வெறும் 57 இருந்தது. இந்த ப்ராசசர் முழு லோடுல 88 வாட் வரைக்கும் எடுக்க அனுமதி உண்டு, Prime95 அதை முழுசா உறிஞ்ச வேண்டியது. க்ளாக்கும் நாலு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி இருந்தது. சூடு உச்சத்துல இருக்கு, ஃபேன் உச்சத்துல இருக்கு, வாட் மட்டும் பாதி வழியில நிக்குது. இந்த மூணையும் சேர்த்துப் படிச்சாத்தான் அர்த்தம் வரும். ப்ராசசர் சூட்டை உண்டாக்குது, கூலர் அதை வெளியேற்றத் தயாரா இருக்கு, நடுவுல சூடு கூலரைப் போய்ச் சேரலை.

கிராஃபோட வடிவமும் அதையேதான் சொல்லுச்சு. டவர் கூலர்னா அரைக் கிலோவுக்கு மேல உலோகம். அது சூடேற நேரம் எடுக்கும். நல்லாப் பொருந்தி இருந்தா சூடு முதல்ல சட்டுன்னு கொஞ்சம் ஏறி, அப்புறம் ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா ஏறி ஒரு இடத்துல நிக்கும். மூணே செகண்டுல உச்சிக்குப் போச்சுன்னா, அந்த அரைக் கிலோ உலோகம் ஆட்டத்துலேயே இல்லைன்னு அர்த்தம். மாறாக, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கழிச்சும் கிராஃப் நிக்காம ஊர்ந்து ஏறிக்கிட்டே இருந்தா, கூலர் பொருத்தினதுல தப்பு இல்லை, கேபினட்டுக்குள்ள காற்று தேங்குது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவு வெச்சுக்கிட்டா பாதி ஃபோரம் சண்டைகளைத் தவிர்க்கலாம்.

கையாலேயே உறுதி பண்ணிக்கவும் ஒரு வழி இருக்கு. டெஸ்ட் ஓடும்போதே கூலரோட மேல் ஓரத்துல இருக்கிற தகடுகளை, ஃபேன் இறக்கைல விரல் படாம, மெதுவாத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு கூட இல்லை. ப்ராசசர் 95 டிகிரியில கொதிக்குது, அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிற உலோகம் ரூம் சூட்டுல இருக்கு. அவனையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவன் முகம் மாறினது அப்போதான்.

ஆஃப் பண்ணி, கூலரைக் கழட்டினோம். அடிப்பாகத்துல ஒட்டியிருந்த ட்ரான்ஸ்பேரன்ட் பிளாஸ்டிக் ஷீட் அப்படியே இருந்தது. அதுல "மாட்டும் முன் உரிக்கவும்"னு ஆங்கிலத்துல எழுதியே இருந்தது, அதுக்கு மேல தெர்மல் பேஸ்ட் அழகாப் பரவி இருந்தது. அவன் ரெண்டு நிமிஷம் பேசலை. சிரிக்காதீங்க, நானும் காலேஜ்ல ஒரு தடவை இதைச் செஞ்சிருக்கேன்.

கழட்டும்போது ஒரு எச்சரிக்கை. இது ஏஎம்5 சாக்கெட். ப்ராசசரை ஒரு உலோகச் சட்டம் பிடிச்சுக்கும், கூலரை எடுத்தா அது மட்டும்தான் வரும். பழைய ஏஎம்4-ல அப்படி இல்லை. பேஸ்ட் காய்ஞ்சிருந்தா ப்ராசசரும் கூலரோட ஒட்டிக்கிட்டு சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கிட்டு வரும், கால்கள் வளைஞ்சு போகும். அந்த மாதிரி போர்டுன்னா கொஞ்ச நேரம் லோடு போட்டு பேஸ்ட்டைச் சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, கூலரை இடதும் வலதுமா லேசாத் திருகி எடுங்க. நேரா இழுக்காதீங்க.

ஷீட்டை உரிச்சோம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பழைய பேஸ்ட்டைத் துடைச்சோம். புதுசா ஒரு பட்டாணி அளவு வெச்சு, ஸ்க்ரூக்களை ஒரு பக்கம் முழுசா முறுக்காம, மாத்தி மாத்தி நாலு சுத்து நாலு சுத்தா இறுக்கினோம். மறுபடி அதே டெஸ்ட். இப்போ கிராஃப் நான் சொன்ன மாதிரியே வளைஞ்சு ஏறி, அஞ்சு நிமிஷத்துல 79-ல நின்னுச்சு. வாட் 88.

இதை ஒரு சின்னக் கணக்கா எழுதி அவனுக்குக் காட்டினேன். ப்ராசசர் சூட்டிலிருந்து ரூம் சூட்டைக் கழிச்சு, வாட்டால வகுக்கணும். ஒவ்வொரு வாட்டுக்கும் எத்தனை டிகிரி ஏறுதுன்னு வரும்.

```
முன்: (95 - 33) / 57 = 1.09
பின்: (79 - 33) / 88 = 0.52
```

அதாவது ஒரு வாட் ஏற்றுற சூடு பாதியாக் குறைஞ்சிருக்கு. வெறுமனே 95-ஐயும் 79-ஐயும் ஒப்பிட்டா பதினாறு டிகிரி லாபம்னுதான் தோணும். ஆனா முன்னாடி 57 வாட்டுக்கே திணறின மெஷின் இப்போ 88 வாட்டைத் தாங்குது. நல்ல கணக்கு அதுதான். வேற ப்ராசசரோட இந்த எண்ணை ஒப்பிடாதீங்க, சிப்போட அளவு மாறினா இது மாறும். உங்க மெஷினை உங்க மெஷினோடயே ஒப்பிட மட்டும் வெச்சுக்கோங்க.

அவன் உடனே எக்ஸ்போர்ட் போடக் கிளம்பிட்டான். நான் விடலை. எடிட்டிங்ல ப்ராசசர் மட்டும் ஓடாது, கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஓடும். 4060 தன் பங்குக்கு 115 வாட் வரை அதே டப்பாவுக்குள்ள கொட்டும். அதனால Prime95 ஓடிக்கிட்டு இருக்கும்போதே FurMark-ஐயும் போட்டேன். இது கார்டுக்கான ஸ்ட்ரெஸ் டெஸ்ட், மயிர் முளைச்ச ஒரு வளையம் சுத்திக்கிட்டே இருக்கும். சும்மா இருக்கும்போது கார்டோட ஃபேன் பூஜ்யம் காட்டினா கவலை வேண்டாம், பல கார்டுகள் ஒரு சூடு வர்ற வரைக்கும் ஃபேனை ஓட்டவே ஓட்டாது. லோடு போட்ட பிறகும் பூஜ்யம்னா மட்டும் உடனே நிறுத்துங்க.

பத்து நிமிஷம் வரை எல்லாம் சரி. அதுக்கு அப்புறம் ப்ராசசர் 84, 86, 88னு ஊர்ந்தது. இருபத்தைஞ்சாவது நிமிஷம் 91. கார்டு 79. கிராஃப் நிக்கவே இல்லை. இது ரெண்டாவது வகை வடிவம், காற்று தேங்குற வகை. சந்தேகம் இருந்தா கேபினட்டோட பக்கக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க. நாங்க கழட்டினதும் அஞ்சு நிமிஷத்துல ப்ராசசர் 82-க்கு வந்துடுச்சு. கண்ணாடியை மூடினா மறுபடி ஏறுச்சு.

"ஆனா ஃபேன் எல்லாம் சுத்துதேண்ணா"ன்னான். உண்மைதான். HWiNFO64-ல முன்பக்க ஃபேன் 1100 ஆர்பிஎம், பின்பக்கம் 1150. இங்கேதான் டூலோட எல்லை வருது. ஃபேன் எத்தனை தடவை சுத்துதுன்னு அது சொல்லும். எந்தப் பக்கம் ஊதுதுன்னு அதுக்குத் தெரியாது. இன்னொன்று, ரெண்டு மூணு ஃபேனை ஒரு ஸ்ப்ளிட்டர்ல சேர்த்து ஒரே ஹெட்டர்ல மாட்டியிருந்தா, அதுல ஒரு ஃபேனோட வேகம்தான் போர்டுக்குப் போகும். மத்தது நின்னுபோனாலும் நம்பர் மாறாது. கண்ணால பார்த்தே ஆகணும்.

ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு முன்பக்க வலைக்கு முன்னாடி பிடிச்சேன். ஒட்டிக்க வேண்டிய பேப்பர் வெளியே பறந்தது. ரெண்டு முன்பக்க ஃபேனும் காற்றை வெளியே தள்ளிக்கிட்டு இருந்தது, பின்பக்க ஃபேனும் வெளியேதான். உள்ளே காற்று கொண்டு வர ஆளே இல்லை. விசாரிச்சா, ஃபேனோட லைட் இருக்கிற அழகான முகம் கண்ணாடி வழியாத் தெரியணும்னு திருப்பி மாட்டியிருக்கான். சாதாரண ஃபேன்கள்ல காற்று அந்த அழகான முகம் வழியா உள்ளே போய், பின்னால குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கமா வெளியே வரும். முன்பக்கத்துல மாட்டும்போது சட்டம்தான் கேபினட் உள்ளே பார்க்கணும். லைட் வெளியே தெரியும், அவ்வளவுதான். எட்டு ஸ்க்ரூ, கால் மணி நேர வேலை.

மறுபடி ரெண்டு டெஸ்டையும் சேர்த்து அரை மணி நேரம். ப்ராசசர் 83-ல நின்னுச்சு, கார்டு 72. ப்ராசசர் தனியா ஓடினதைவிட நாலு டிகிரிதான் அதிகம், பக்கத்துல இன்னொரு அடுப்பு எரியும்போது இது நியாயமானது.

சூடு சரியான பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. Small FFTs ராமைத் தொடாதுன்னு சொன்னேன் இல்லையா? ராமோட எக்ஸ்போ செட்டிங்கை அவன் ஆன் பண்ணியிருந்ததால, `Large FFTs` போட்டுட்டு சாப்பிடப் போனோம். இதுல சூட்டைப் பார்க்க வேண்டாம், தப்புக் கணக்கு வருதான்னு பார்க்கணும். Prime95 விடை தெரிஞ்ச கணக்கைத்தான் போடும், விடை பிசகினா `FATAL ERROR`னு எழுதிட்டு அந்த வொர்க்கரை நிறுத்திடும். ஒரே ஒரு தடவை வந்தாலும் அது தப்புதான், "அப்பப்போ வரும்"னு விடக் கூடாது. ராம் வேகத்தைக் குறைச்சுப் பார்க்கணும். சித்தி போட்ட பரோட்டாவை முடிச்சுட்டு வந்து பார்த்தப்போ எல்லா வொர்க்கரும் ஓடிக்கிட்டு இருந்தது.

லினக்ஸ் வெச்சிருக்கிறவங்க மெயில் போடுவீங்கன்னு தெரியும், அதனால முன்கூட்டியே. `lm-sensors`, `stress-ng` ரெண்டையும் போட்டுக்கிட்டு, ஒரு டெர்மினல்ல முதல் வரி, இன்னொண்ணுல ரெண்டாவது வரி. சூடு `Tctl`னு வரும்.

```
watch -n 1 sensors
stress-ng --cpu 0 --cpu-method matrixprod --timeout 20m
```

அன்னைக்கு ராத்திரியே அவன் முதல் கல்யாணத்தை எக்ஸ்போர்ட் போட்டான், ப்ராசசர் 70-ஐத் தாண்டலை. நான் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த 20 நிமிஷ டெஸ்ட்டோட ஸ்க்ரீன்ஷாட்டை, ரூம் சூடு 33னு பேர்லேயே எழுதி, டெஸ்க்டாப்ல சேமிச்சு வெச்சேன். போன ஜனவரியில பொங்கலுக்குப் போனப்போ அதே டெஸ்ட்டை மறுபடி போட்டோம். 74 டிகிரி வந்தது. "அண்ணா, குறைஞ்சிடுச்சு"ன்னு அவன் சந்தோஷப்பட்டான். ரூம் தெர்மாமீட்டர் 26 காட்டியது. மே மாசம் 46 டிகிரியா இருந்த வித்தியாசம் இப்போ 48 ஆகியிருந்தது. முன்பக்க வலையைக் கழட்டிப் பார்த்தா, எட்டு மாசத்துத் தூசி ஒரு கம்பளி மாதிரி படிஞ்சிருந்தது.